மதர்போர்ட் மாற்றியபின் திறக்காத மடிக்கணினி: மறந்த கடவுச்சொல், மீட்கும் வழிகள், ஒவ்வொன்றிலும் தரவுக்கு நேரக்கூடியது

## பின்னணி

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ்மொழி கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் மடிக்கணினி பற்றியது இந்த நிகழ்வு. தென்மேல் பருவமழை வலுத்திருந்த ஒரு வாரத்தில் வீட்டின் தகரக் கூரை ஒழுகி, மேசைமேல் மூடி வைத்திருந்த கணினிக்குள் நீர் இறங்கியது. அது உயிர்ப்பிக்காமற் போகவே, உறவினர் ஒருவர் அதைக் கொழும்பிலுள்ள ஒரு திருத்தகத்திற்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே மதர்போர்டும் விசைப்பலகையும் மாற்றப்பட்டன. தரவு இருக்கும் எஸ்.எஸ்.டி. நனையாததால் பழையதையே திரும்பப் பொருத்தி அனுப்பியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த கணினி ஒழுங்காகவே உயிர்ப்பித்தது. ஆனால் ஆசிரியை வழக்கமாக அடிக்கும் பின் இலக்கத்தை அது ஏற்கவில்லை. "Something happened and your PIN isn't available" என்ற அறிவிப்பைக் காட்டிவிட்டுக் கடவுச்சொல்லைக் கேட்டது. கணினியை வாங்கிய நாளில் கடவுச்சொல் ஒன்றை வைத்ததும், சில நாட்களில் பின் இலக்கத்துக்கு மாறியதும் அவருக்கு நினைவிருந்தது. அதன்பின் கடவுச்சொல்லை ஒருமுறைகூட அடிக்க நேரவில்லை. தன் பெயரோடு சேர்ந்த ஒரு சொல்லும் ஓர் ஆண்டும் என்பது மட்டுமே அவருக்குத் திட்டமாகத் தெரிந்தது.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் எளியது. பின் இலக்கம் கடவுச்சொல்லைப் போல எஸ்.எஸ்.டி.யோடு கூடவே போகும் ஒன்றன்று; அது மதர்போர்டிலுள்ள டி.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லோடு பிணைக்கப்பட்டது. போர்ட் மாறினால் சில்லும் மாறிவிடும், பழைய பின் இலக்கம் செல்லாது. கைரேகையால் திறப்போருக்கும் இதே கதிதான். மதர்போர்ட் மாற்றும் திருத்தகங்கள் கணினியை வாங்கும்போதே "கடவுச்சொல் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டால் இந்தச் சிக்கல்களில் பாதி எழாது. பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

ஆசிரியையின் அக்கா மகன் தெரிந்த சொற்களையெல்லாம் அடித்துப் பார்த்திருக்கிறார். திருத்தகத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, "திரும்ப அனுப்புங்கள், புதிதாக விண்டோஸ் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு உடன்படுவதற்கு முன், ஹட்டனில் கணினி திருத்தும் எங்களிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று ஆசிரியை எடுத்து வந்தார்.

## முதற் பரிசோதனையில் கண்டவை

கடவுச்சொல் தெரியாத கணினி எதுவாயினும், அது கொண்டுவந்தவருடையதுதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது எங்கள் வழக்கம். கடைப் பற்றுச்சீட்டிலிருந்த தொடரிலக்கம் கணினியின் அடிப்பாகத்து ஒட்டுச்சீட்டோடு பொருந்தியது. பற்றுச்சீட்டின் பெயர் தேசிய அடையாள அட்டையோடு பொருந்தியது. மதர்போர்ட் மாறிய கணினியில் பயோஸ் திரையில் தெரியும் தொடரிலக்கம் வேறாக இருக்கலாம் என்பதால், அதை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது பொருத்தமன்று.

அடுத்துத் திரையையும் விசைகளையும் பார்த்தோம். கடவுச்சொற் பெட்டியின் ஓரத்திலுள்ள கண் அடையாளத்தை அழுத்தினால் அடித்த எழுத்துகள் புள்ளிகளாகவன்றி எழுத்தாகவே தெரியும். விசைப்பலகை புதிது என்பதால் இந்தச் சோதனை அவசியமாயிற்று. ஒரே ஒரு விசை வேலை செய்யாவிட்டாலும் சரியான கடவுச்சொல் பிழையானதாகவே போய்ச் சேரும். எல்லா விசைகளும் சரியாக எழுதின. Caps Lock எரியவில்லை. கீழ் மூலையில் மொழி ENG என்றே இருந்தது.

கணக்கின் வகையை அறிவது இதற்கு அடுத்த படி. பிழையான கடவுச்சொல் ஒன்றை அடித்தபின் தோன்றிய "Reset password" என்பதை அழுத்தியபோது மூன்று பாதுகாப்புக் கேள்விகள் வந்தன. இவை கணினிக்குள்ளேயே இருக்கும் உள்ளகக் கணக்குக்கு மட்டும் உரியவை. மைக்ரோசொப்ட் கணக்காக இருந்திருந்தால் வேறொரு கருவியிலிருந்து இணையம் வழியாகக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, இந்தக் கணினியை இணையத்தோடு இணைத்துப் புதியதைக் கொண்டு நுழைந்திருக்கலாம். விடயம் பெரும்பாலும் அத்தோடு முடிந்திருக்கும். ஆசிரியைக்குக் கணினி விற்ற கடையில் அன்று இணையத் தொடர்பு இல்லாததால் உள்ளகக் கணக்கைத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். கடவுச்சொல்லை அவரையே அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் பாதுகாப்புக் கேள்விகளுக்குக் கடைப்பையன் தன் விருப்பப்படி எதையோ அடித்து அடுத்த திரைக்குப் போயிருக்கிறார். ஆசிரியை சொன்ன உண்மையான விடைகள் எதையும் கணினி ஏற்காததற்குக் காரணம் அதுவே.

நிர்வாக உரிமையுள்ள வேறு கணக்கு எதுவும் இருக்கவில்லை. கடவுச்சொல் மீட்பு பென் டிரைவும் முன்கூட்டியே உருவாக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே முறைப்படியான வாசல்கள் எல்லாம் மூடியிருந்தன.

## எதை இழக்க முடியாது என்ற கேள்வி

தரவு முக்கியமா என்று கேட்டால் எவரும் முக்கியம் என்றே சொல்வார்கள். அதனால் எந்தெந்தக் கோப்பு, எந்தெந்தக் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். டெஸ்க்டொப்பில் பல ஆண்டுத் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், புள்ளிப் பட்டியல்கள், பிள்ளைகளின் ஆக்கங்கள் இருந்தன. படங்களுக்கான கோப்புறையில் குடும்பப் படங்கள் இருந்தன. இவற்றின் பிரதி வேறெங்கும் இல்லை.

பேச்சின் நடுவே, தான் பெரிதாக எண்ணாத ஒன்றையும் அவர் சொன்னார். அயற் பாடசாலைகளின் தமிழாசிரியர்கள் சிலர் வினாத்தாள்களைப் பரிமாறிக்கொள்ளப் பொதுவான மின்னஞ்சல் முகவரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் கடவுச்சொல் இப்போது இந்தக் கணினியின் குரோமில் சேமித்திருப்பது மட்டுமே. அதை ஆரம்பித்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்; மீட்புக்காக அவர் கொடுத்திருந்த தொலைபேசி இலக்கமும் பாவனையில் இல்லை. "அது போனாப் போகட்டும் தம்பி, வினாத்தாள் கிடைச்சாப் போதும்" என்றார் ஆசிரியை. ஆனால் அந்த மின்னஞ்சலுக்குள் மற்ற ஆசிரியர்களின் உழைப்பும் இருக்கிறது என்பதால் அதையும் காப்பாற்ற வேண்டியவற்றுள் சேர்த்துக்கொண்டோம். பின்னர் எடுத்த தீர்மானங்கள் பலவும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்தன.

## கைவசமிருந்த வழிகளும் அவற்றின் ஆபத்தும்

திருத்தகம் சொன்ன வழி, புதிதாக விண்டோஸ் போடுவது. சி டிரைவை அழித்துவிட்டுப் போட்டால் டெஸ்க்டொப், படங்கள், குரோம் எல்லாமே போய்விடும், ஏனெனில் இவை அனைத்தும் சி டிரைவில் Users என்ற கோப்புறைக்குள்தான் இருக்கின்றன. டி டிரைவ் என்று தனியாக ஒன்றிருந்தால் அதிலுள்ளவை தப்பும். இந்தக் கணினியில் இருந்ததோ சி மட்டுமே. எஸ்.எஸ்.டி.யில் அழித்தவற்றைப் பின்னர் மென்பொருள் கொண்டு மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையும் வைக்கக்கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழித்த கோப்பின் உள்ளடக்கம் மேலெழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். எஸ்.எஸ்.டி.யிலோ, இந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் அறிவித்தவுடன் டிஸ்க் தானாகவே அதைத் துடைத்துவிடுகிறது.

"Reset this PC" என்ற வசதியில் "Keep my files" என்று ஒரு தெரிவு உண்டு. பெயரைப் பார்த்தால் ஆறுதலாகவே இருக்கும். அது தனிப்பட்ட கோப்புகளை வைத்துக்கொண்டு, நிறுவிய மென்பொருள்களையும் அமைப்புகளையும் நீக்குகிறது. ஆனால் பயனாளர் கணக்குகளையும் அது அப்படியே விட்டுவைப்பதால், முடிந்தபின் அதே மறந்த கடவுச்சொல்லையே திரும்பவும் கேட்கும். கடவுச்சொல் மறந்தவருக்கு அதனால் பயனில்லை. மற்றத் தெரிவான "Remove everything" கணினியைத் திறந்துவிடும், அதற்கு விலையாக எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, கடைகளில் அதிகம் கையாளப்படும் வழி. பென் டிரைவிலிருந்து வேறோர் இயங்குதளத்தை உயிர்ப்பித்து, விண்டோஸின் கணக்குக் கோப்பில் கடவுச்சொல்லை வெறுமையாக்கிவிடுவார்கள். சில நிமிட வேலை. கோப்புகள் எதுவும் அழியாது என்பதும் உண்மை. "டேட்டா ஒன்றும் போகாது" என்று சொல்லி இதைச் செய்பவர்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் முழுவதையும் சொல்வதுமில்லை.

சொல்லாமல் விடப்படுவது இதுதான். உள்ளகக் கணக்கின் கடவுச்சொல் நுழைவதற்கான அனுமதியாக மட்டும் பயன்படுவதில்லை. விண்டோஸ் ஒவ்வொரு பயனாளருக்கும் ஒரு முதன்மைச் சாவியை உருவாக்கி, அந்தச் சாவியைப் பயனாளரின் கடவுச்சொல்லைக் கொண்டு பூட்டி வைக்கிறது. குரோம் சேமிக்கும் கடவுச்சொற்கள், விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் வேறு நுழைவு விவரங்கள் போன்றவை அந்த முதன்மைச் சாவியின் பாதுகாப்பில் உள்ளன. பழைய கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு முறைப்படி புதியதற்கு மாறும்போது, விண்டோஸ் முதன்மைச் சாவியைப் பழையதால் திறந்து புதியதால் திரும்பப் பூட்டிவிடுகிறது. வெளியிலிருந்து வெறுமையாக்கும்போது அதைத் திறந்து பூட்ட வழியில்லை. அலுமாரியின் பூட்டை மாற்றிவிட்டோம், ஆனால் உள்ளே இருக்கும் நகைப்பெட்டிக்கு இன்னும் பழைய சாவிதான் வேண்டும் என்ற நிலை அது. வினாத்தாள்களும் படங்களும் அலுமாரித் தட்டில் திறந்தபடி இருப்பவை. பொது மின்னஞ்சலின் கடவுச்சொல்லோ பெட்டிக்குள் இருந்தது.

பழைய கடவுச்சொல் பின்னர் நினைவுக்கு வந்து, அதையே கணக்குக்குத் திரும்ப வைத்தால் முதன்மைச் சாவி மறுபடி திறக்கும். ஆனால் இடைக்காலத்தில் குரோமைத் திறந்திருந்தால் இன்னொரு சிக்கல் எழுகிறது. தன் சாவியைத் திறக்க முடியாத குரோம், புதிய சாவியொன்றை உருவாக்கிப் பழையதன் மேலேயே எழுதிவிடும். அதன்பின் விண்டோஸின் பழைய கடவுச்சொல் கிடைத்தாலும், முன்பு எடுத்த பிரதி இல்லாவிட்டால் சேமித்த கடவுச்சொற்கள் திரும்ப வரமாட்டா. ஃபயர்பொக்ஸ் பாவித்தவர்களுக்கு இந்த இக்கட்டு இல்லை. அது தன் சாவியைத் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது, விண்டோஸ் கடவுச்சொல்லை நம்பியிருப்பதில்லை. விண்டோஸின் புரோ பதிப்பில் தனிக் கோப்புகளைக் குறியாக்கம் செய்து வைத்தவர்களுக்கோ இழப்பு இன்னும் பெரிது, கோப்புகளையே திறக்க முடியாமற் போகும். ஆசிரியையுடையது ஹோம் பதிப்பு, அந்த வசதி அதில் கிடையாது.

நான்காவது, கணினிக்குள் நுழைய முயலாமல் டிஸ்க்கிலுள்ளவற்றை மட்டும் வெளியே எடுத்துக்கொள்வது. வாசிப்பதற்கு மட்டுமாக இணைத்துப் பிரதி எடுத்தால் மூலத்தில் ஒரு எழுத்தும் மாறாது. எல்லா வழிகளிலும் ஆபத்துக் குறைந்தது இதுவே. ஆனால் டிஸ்க் முழுவதும் குறியாக்கம் செய்யப்படாதிருந்தால் மட்டுமே இது முடியும்.

## டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா?

நுழைவுத் திரையிலுள்ள மின் அடையாளத்தில் Shut down என்பதைத் தெரிவுசெய்யாமல் Restart என்பதைத் தெரிவுசெய்து, உபுண்டு என்னும் இயங்குதளம் இருந்த பென் டிரைவிலிருந்து கணினியை உயிர்ப்பித்தோம். விண்டோஸின் வேகத் தொடக்க வசதி இயங்கிக்கொண்டிருந்தால், Shut down செய்யும்போது டிஸ்க் பாதி உறங்கிய நிலையில் விடப்படும். அந்த நிலையில் வெளியிலிருந்து எழுதுவது கோப்பமைப்பைக் கெடுக்கக்கூடும். Restart அப்படி விடுவதில்லை.

பின்வரும் கட்டளை டிஸ்க்கின் பகுதிகளையும் ஒவ்வொன்றின் வகையையும் காட்டும்:

```
lsblk -f
```

பெரிய பகுதிக்கு நேரே ntfs என்று வந்தது. குறியாக்கம் இல்லை. BitLocker என்று வந்திருந்தால் இந்த அறிக்கை வேறு திசையில் போயிருக்கும். அத்தகைய டிஸ்க்கைத் திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். மதர்போர்ட் மாறிய கணினி உயிர்ப்பிக்கும்போதே அதைத்தான் கேட்கும். மைக்ரோசொப்ட் கணக்கோடு பயன்படுத்தும் கணினிகளில் உரிமையாளர் அறியாமலே இந்தக் குறியாக்கம் இயங்கத் தொடங்கியிருக்கக்கூடும். சாவி வழக்கமாக அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், account.microsoft.com/devices/recoverykey என்ற பக்கத்தில் பார்க்கலாம். அங்கும் இல்லை, அச்சிட்டும் வைக்கவில்லை என்றால் எந்தக் கடையாலும் அதைத் திறக்க முடியாது. "திறந்து தருகிறோம்" என்று பணம் கேட்பவரை நம்பவும் வேண்டாம். இதே காரணத்தால், பயோஸில் டி.பி.எம். சில்லை அழிக்கவா என்று கேட்கும் திரைக்கு, குறியாக்கம் இல்லை என்று உறுதியாகும் வரை ஆம் என்று விடை கொடுக்கக்கூடாது.

## எடுத்த தீர்மானமும் காரணமும்

ஆசிரியைக்குத் தவணைப் பரீட்சை நெருங்கியிருந்தது. கணினி உடனே வேண்டும். பொது மின்னஞ்சலோ பழைய கடவுச்சொல் நினைவுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியது. இந்த இரண்டும் ஒரே டிஸ்க்கில் ஒத்துப்போகா. ஆகவே மூல எஸ்.எஸ்.டி.யைத் தொடாமல் எடுத்து வைத்துவிட்டு, அதன் முழுப் பிரதியொன்றில் மட்டும் கடவுச்சொல்லை வெறுமையாக்குவது என்று தீர்மானித்தோம். இதற்கு மூலத்தின் அளவோ அதைவிடக் கூடுதலோ கொண்ட இன்னொரு எஸ்.எஸ்.டி. தேவை. எங்களிடமிருந்த ஒன்றை இரவலாகக் கொடுத்ததால் ஆசிரியைக்குச் செலவு கூடவில்லை.

வெறும் கோப்புகளைப் பிரதி எடுத்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. வினாத்தாள்களுக்கும் படங்களுக்கும் அது போதும். ஆனால் குரோமின் சாவி ஓர் இடத்திலும், விண்டோஸின் முதன்மைச் சாவி AppData கோப்புறைக்குள் மறைந்த இன்னோர் இடத்திலும், கணக்கின் விவரம் விண்டோஸின் சொந்தக் கோப்புறையிலும் இருக்கின்றன. இவற்றைத் தனித்தனியே பொறுக்கி எடுத்துப் பின்னர் சேர்த்து இயங்கவைப்பதைவிட, தொடப்படாத டிஸ்க் ஒன்று கையில் இருப்பதே நல்லது.

கணினியில் எஸ்.எஸ்.டி. பொருத்த ஒரே இடம்தான் இருந்தது. எனவே புதியதை யு.எஸ்.பி. உறையொன்றில் இட்டு இணைத்து, உபுண்டுவில் ddrescue என்ற மென்பொருளை நிறுவிப் பிரதி எடுத்தோம்:

```
sudo ddrescue -f /dev/nvme0n1 /dev/sdb clone.map
```

முதலில் வருவது மூலம், அடுத்து வருவது பிரதி. இவ்விரண்டும் இடம் மாறினால் வெறுமையான டிஸ்க் தரவின் மேலேயே எழுதப்பட்டுவிடும். இந்த முழு வேலையிலும் தரவை ஒரே நொடியில் அழித்துவிடக்கூடிய இடம் இந்த வரிதான். டிஸ்க்குகளின் பெயர்கள் கணினிக்குக் கணினி வேறுபடும். அதனால் ஒருவர் அடிக்க இன்னொருவர் lsblk காட்டும் கொள்ளளவையும் பெயரையும் உரக்க வாசித்து ஒப்பிட்டபின்பே Enter விசையை அழுத்துவது எங்களிடம் வழக்கம். மழைக்காலத்தில் மலைநாட்டில் மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. கணினியின் பெட்டரி நிறைந்திருப்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டோம்.

பிரதி முடிந்ததும் மூல எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, நிலைமின் தடுக்கும் உறையில் இட்டு, மேலே பெயரெழுதி ஆசிரியையிடமே கொடுத்தோம். இரண்டையும் ஒரே கணினியில் ஒரே வேளையில் இணைக்கக்கூடாது. அடையாள இலக்கம் ஒன்றாகவே இருப்பதால் விண்டோஸ் குழம்பி, ஒன்றை இயங்காமல் நிறுத்திவிடும்.

## பின்தொடர்ந்தவை

பிரதியில் கடவுச்சொல்லை வெறுமையாக்கியதும் கணினி நேராகத் திறந்தது. டெஸ்க்டொப், வினாத்தாள்கள், படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் இருந்தபடியே இருந்தன. வீட்டு வைஃபை கடவுச்சொல்லும் தப்பியிருந்தது. அது பயனாளரின் சாவியால் அன்றி, கணினிக்கு உரிய சாவியால் பூட்டப்படுவது. குரோமைத் திறந்தபோது எதிர்பார்த்ததே நடந்தது. சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்கவில்லை. பொது மின்னஞ்சல் வெளியேறிய நிலையில் கடவுச்சொல்லைக் கேட்டது. மூலத்திலேயே இதைச் செய்திருந்தால் அந்த மின்னஞ்சல் இத்தோடு போயிருக்கும். விண்டோஸ் தன்னைச் செயற்படுத்தும்படி கேட்டதும் உண்டு. உரிமம் பழைய மதர்போர்டோடு பிணைந்திருந்தது அதற்குக் காரணம், தரவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆசிரியை பிரதியைக் கொண்டு வினாத்தாள் வேலையைத் தொடர்ந்தார். சில நாள் கழித்து, அச்சுப்பொறி ஒன்றை இணைத்துக்கொள்ளக் கடைக்கு வந்தவர், எங்கள் மேசையிலேயே அமர்ந்து ஒரு வினாவைத் திருத்தினார். அவர் பாமினி எழுத்துருவில், விசைகளைப் பாராமலே வேகமாக அடிப்பவர். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கடவுச்சொல்லில் இருப்பதாக அவர் சொன்ன அந்தச் சொல் ஒரு தமிழ்ச் சொல் என்பதும், அதை அக்கா மகனும் நாங்களும் அவருங்கூட ஆங்கில ஒலிப்படியே அடித்துப் பார்த்திருக்கிறோம் என்பதும் பளிச்சென்று தெரிந்தன.

பாமினி விசைகளுக்குப் பழகியவர் ஒரு தமிழ்ச் சொல்லைக் கடவுச்சொற் பெட்டியில் அடித்தால், கணினிக்குப் போய்ச் சேருபவை அந்தந்த விசைக்குரிய ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எடுத்துக்காட்டாக, "மலையகம்" என்று அடிக்கும் கை உண்மையில் அழுத்துவது இதுதான்:

```
kiyafk;
```

புள்ளிகள் மட்டுமே தெரியும் பெட்டியில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. கணினி வாங்கிய அன்று கடையில் அவரைத் தட்டச்சுச் செய்யச் சொன்னபோது, அவர் கை தனக்குத் தெரிந்த வழியிலேயே அந்தச் சொல்லை அடித்திருக்கிறது. பின்னர் பின் இலக்கத்துக்கு மாறியதும் கையின் நினைவு மங்கி, சொல் மட்டும் மனத்தில் நின்றுவிட்டது.

"டீச்சர், அந்தச் சொல்லை வர்ட்டில் வினாத்தாள் அடிக்கிற மாதிரியே அடித்துப் பாருங்கள்" என்றோம். மறுநாள் மூல எஸ்.எஸ்.டி.யைக் கொண்டுவந்து பொருத்தினார். விண்டோஸின் அண்மைப் பதிப்புகளில் பத்து முறை பிழையாக அடித்தால் கணக்குப் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். ஆனால் எத்தனை முறை பிழைத்தாலும் தரவு அழிவதில்லை, ஆகவே அவசரப்படாமல் அடிக்கச் சொன்னோம். சொல் சரி, பின்னால் வரும் ஆண்டுதான் முதலில் பிழைத்தது. அவர் ஆசிரிய நியமனம் பெற்ற ஆண்டை இட்டதும் கணினி திறந்தது.

குரோமில் எல்லாம் அப்படியே இருந்தன. பொது மின்னஞ்சலுக்குள் நுழைந்து, முதல் வேலையாக மீட்புத் தொலைபேசி இலக்கத்தை மாற்றி, இரண்டாவது ஆசிரியர் ஒருவரின் முகவரியையும் மீட்புக்காகச் சேர்த்தோம். சேமித்த கடவுச்சொற்களைக் குரோமிலிருந்து ஒரு கோப்பாக வெளியே எடுத்து, தேவையானவற்றை அவர் கையால் எழுதிக்கொண்டதும் அந்தக் கோப்பை அழித்தோம். அது குறியாக்கமில்லாத வெறும் எழுத்துக் கோப்பு, எவர் திறந்தாலும் எல்லாக் கடவுச்சொற்களும் தெரியும். இடைப்பட்ட நாட்களில் பிரதியில் செய்த வினாத்தாள்களைப் பென் டிரைவ் வழியாக மூலத்துக்குக் கொண்டுவந்தோம். பின் இலக்கத்தைப் புதிதாக அமைத்தார்.

அன்றே வெறுமையான பென் டிரைவ் ஒன்றில் விண்டோஸின் கடவுச்சொல் மீட்பு வட்டையும் உருவாக்கினோம். உள்ளகக் கணக்குக்கு மட்டும் பொருந்தும் இது, பின்னர் கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் செல்லும். வெளியிலிருந்து வெறுமையாக்குவதைப் போலன்றி, முதன்மைச் சாவியையும் காப்பாற்றும். அந்தப் பென் டிரைவ் யார் கையில் இருக்கிறதோ அவர் கணினியையும் திறக்கலாம் என்பதால், கணினிப் பையில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம்.

## மாற்றிக்கொண்டவை

கடவுச்சொல் மறந்து வரும் கணினிகளை ஏற்கும் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். இந்தக் கணினியில் மட்டும் சேமித்திருக்கும் கடவுச்சொல் எதற்காவது உண்டா, அதற்கு வேறு மீட்பு வழி இருக்கிறதா என்பது ஒன்று. எந்த விசைப்பலகை முறையில் தமிழ் அடிப்பீர்கள், கடவுச்சொல் தமிழ்ச் சொல்லா என்பது மற்றது. இங்கே பாடசாலைகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் பாமினியில் பழகியவர்கள் இன்னும் பலர் என்பதால், இரண்டாவது கேள்வி டிஸ்க்கைத் தொடாமலே சிலரின் கணினியைத் திறந்துவிடக்கூடும். கடவுச்சொல்லைச் சொல்லக் கேட்டு நாங்கள் அடிப்பதையும் நிறுத்திவிட்டோம். உரிமையாளரே தன் கையால் அடிக்க வேண்டும்.

மதர்போர்ட் மாற்றும் வேலைகளில், கழற்றுவதற்கு முன்பே கணினி உயிர்ப்பிக்கும் நிலையில் இருந்தால், பின் இலக்கத்தை விட்டுக் கடவுச்சொல்லால் ஒருமுறை நுழையச் சொல்கிறோம். நுழைவுத் திரையில் "Sign-in options" என்பதை அழுத்திச் சாவி அடையாளத்தைத் தெரிவுசெய்தால் அது முடியும். நுழைய முடியாவிட்டால் பழைய போர்டில் பின் இலக்கம் செல்லும் வேளையிலேயே குரோமிலுள்ளவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

பிரதி எஸ்.எஸ்.டி.யில் ஆசிரியையின் எல்லாக் கோப்புகளும் இருந்தன. மூலம் ஒழுங்காக இயங்குகிறது என்று அவர் ஒரு வாரம் பார்த்து உறுதிசெய்தபின், அவர் முன்னிலையிலேயே பிரதியை முழுவதுமாக அழித்து எங்கள் பெட்டியில் திரும்பப் போட்டோம்.